ஃபீல்ட் ஒஃபிஸர்ட பில் கட்டை கிளெய்மா மாத்தப் போய் நான் பட்ட பாடு

எனக்கு இத ஆராவது முதலே சொல்லித் தந்திருந்தா ஒரு மாதம் நித்திரை கெட்டிருக்க மாட்டன். அதுக்காகத்தான் எழுதுறன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசிங்க. நான் மட்டக்களப்பில ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில ஃபினான்ஸ் அசிஸ்டன்ட். எனக்கு முதல் இந்தக் கதிரையில இருந்த அக்கா வெளிநாட்டுக்குப் போயிற்றா, போகக்குள்ள ஒரு ஃபைலும் ஒரு எக்ஸல் ஷீட்டும் தந்து "இதுலதான் எல்லாரும் கிளெய்ம் போடுறது, லிமிட் எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கு" எண்டு சொல்லிற்றுப் போனா. அவ்வளவுதான் எனக்குக் கிடைச்ச பயிற்சி. எங்கட ஃபீல்ட் ஒஃபிஸர் அண்ணா வாகரையில இருந்து பொத்துவில் வரைக்கும் ஓடித் திரியிற ஆள், இடையில கொழும்புக்கும் மீட்டிங்குக்குப் போவார். ஒஃபிஸில நிண்டு கணக்குக் குடுக்க நேரம் கிடைக்காது. அப்பிடியே சேர்த்து வெச்சு மூண்டு மாதத்துப் பில்ல ஒரேயடியா என்ட மேசையில கொண்டு வந்து வெச்சார். அந்த மாதக் கடைசியோட புரொஜெக்ட் முடியுது. முடியிற திகதிக்குள்ள ஹெட் ஒஃபிஸ் அப்ரூவ் பண்ணாத எந்தச் செலவையும் அந்த டோனர்ட காசில போட ஏலாது எண்டுறது ஒப்பந்தத்திலயே இருக்கு. அதாவது நான் பிந்தினா அண்ணாட காசு போச்சு, அது அவர் சொந்தச் சம்பளத்தில இருந்து செலவழிச்ச காசு.

அக்காட ஷீட் எப்பிடி எண்டா, மேல இருந்து கீழ பில் ஒவ்வொண்டா எழுதுறது. பில் நம்பர், கடை, தொகை, லிமிட், குடுக்கிற தொகை. கையில வாற ஓடருக்கு அடிச்சுக்கொண்டு போக வேண்டியதுதான். அப்பிடிப் போட்டு அனுப்பினத ஹெட் ஒஃபிஸ் திருப்பி அனுப்பிச்சு, கூட ஒரு பக்கம் நிறையக் கேள்வி. இந்தப் பகல் சாப்பாடு எந்தப் பயணத்துக்குரியது, இந்த இரவு அவர் எங்க படுத்தவர், இந்த ட்ரெய்னிங்கில சாப்பாடு குடுத்தவங்களா இல்லையா. பில்லப் பார்த்து இதுக்கு ஒண்டுக்கும் பதில் சொல்லேலாது. பில்லில இருக்கிறது கடைட கதைதான், பயணத்தின்ட கதை அதுல இல்ல. இது விளங்கினதுக்குப் பிறகுதான் எனக்கு வேலையின்ட பிடி கிடைச்சது.

ஆக முதல் வேலை பில்ல ஒரு பக்கம் வெச்சிட்டு பயண நாட்களை எழுதுறது. ஒவ்வொரு பயணத்துக்கும் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார், எத்தனை மணிக்குத் திரும்பினார், ஒவ்வொரு இரவும் எங்க படுத்தார், ஒவ்வொரு நேரச் சாப்பாட்டையும் ஆர் குடுத்தது. இந்த நாலும் தெரிஞ்சா மிச்சம் எல்லாம் அதுக்குள்ள வந்து உட்காரும். இதுக்குரிய ஆதாரம் பில்லில இல்ல, ஒஃபிஸிலயே கிடக்கும். பயணத்துக்கு முதல் மனேஜர் சைன் வெச்ச ட்ரெவல் ரிக்வெஸ்ட், வாசலில இருக்கிற மூவ்மென்ட் புத்தகம், ட்ரெய்னிங் நடத்தினவங்கட அழைப்புக் கடிதத்தில வாற நிகழ்ச்சி நிரல். நிரலில "மதிய உணவு" எண்டு ஒரு வரி இருந்தா அண்டைக்குப் பகல் சாப்பாட்டுக்கு கிளெய்ம் இல்ல, அவர் வெளியில போய் சாப்பிட்டுப் பில் வெச்சிருந்தாலும் இல்ல. இரவு பஸ்ஸிலயோ இரவு ரயிலிலயோ போனா அந்த இரவுக்கு தங்குமிடம் இல்ல. காலைச் சாப்பாட்டோட சேர்த்து ரூம் எடுத்திருந்தா அடுத்த நாள் காலைச் சாப்பாடு இல்ல. இப்பிடி எந்த இடத்தில கிளெய்மே வரக்கூடாது எண்டுறத முதல் கோடு போட்டு அடிச்சிட்டா, பிறகு பில் வரக்குள்ள அதுக்கு இடம் இருக்கா இல்லையா எண்டு உடனே தெரியும்.

அண்ணாட கொழும்புப் பயணம் ஒண்ட அப்பிடியே எடுத்துக் காட்டுறன், அதுலதான் எல்லாச் சிக்கலும் ஒண்டாக் கிடந்தது. ஞாயிறு இரவு மட்டக்களப்பில பஸ் ஏறி திங்கள் விடிய கொழும்பு. திங்கள், செவ்வாய் ரெண்டு இரவு ஒரு கெஸ்ட் ஹவுஸில. திங்கள், செவ்வாய், புதன் மூண்டு நாளும் ட்ரெய்னிங், பகல் சாப்பாடு அவங்கட. புதன் இரவு பஸ் ஏறி வியாழன் விடிய ஊர். எங்கட பொலிசிப்படி கொழும்பில தங்குறதுக்கு ஒரு இரவுக்கு 12,000 ரூபா வரைக்கும், காலைச் சாப்பாடு 700, பகல் 1,200, இரவு 1,500, எல்லாம் பில்லுக்கு எதிராத்தான், அதாவது செலவழிச்சதும் லிமிட்டும் ரெண்டுல எது குறைவோ அது. பில் இல்லாத ஓட்டோக் காசுக்கு கையெழுத்து வெச்ச டிக்ளரேஷனில ஒரு பயணத்துக்கு 1,000 ரூபா. உங்கட ஒஃபிஸில தொகை வேறயா இருக்கும், முறை இதுதான்.

கெஸ்ட் ஹவுஸ் பில் 28,600 ரூபா. ஒரே ஒரு பேப்பர், அதுல ரூம் 11,500 வீதம் ரெண்டு இரவு 23,000, திங்கள் இரவு ரூமுக்கு எடுத்த சாப்பாடு 2,000, உடுப்புக் கழுவினது 1,000, கூட்டு 26,000, அடியில சேவைக் கட்டணம் 10% எண்டு 2,600. பார்த்த உடன என்ன தோணும்? ரூம் 11,500, லிமிட் 12,000, பிரச்சினை இல்ல. சேவைக் கட்டணத்தத் தனி லைனாப் போடுவம், அதுக்குத்தான் லிமிட் ஒண்டும் இல்லயே. ஷீட் முழுக்கப் பழைய கிளெய்ம்கள் அப்பிடித்தான் போயிருக்கு. ஆனா எங்கட பொலிசியில ஒரு வரி இருக்கு, தங்குமிட லிமிட் வரி, சேவைக் கட்டணம் எல்லாம் உட்பட எண்டு. அப்ப அடியில கிடக்கிற அந்த 2,600 ரூபாவ மேல இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் அதுட பங்குக்குப் பிரிச்சுப் போடணும். ரூம் ஒரு இரவு 12,650 ஆகும், ரெண்டு இரவு 25,300. சாப்பாடு 2,200. உடுப்புக் கழுவினது 1,100. மூண்டையும் கூட்டினா திரும்ப 28,600 வருது, அதுதான் சரியாப் பிரிச்சிருக்கா எண்டு பார்க்கிற வழி. இப்ப லிமிட்டப் போட்டுப் பாருங்க. ரூம் 24,000தான், 1,300 வெட்டு. சாப்பாடு 1,500, 700 வெட்டு. உடுப்புக் கழுவுறது எங்கட பொலிசியில அஞ்சு இரவுக்கு மேல தங்கினாத்தான், அதனால 1,100 முழுக்க வெட்டு. 28,600 ரூபா பில்லில குடுக்கக்கூடியது 25,500. பெரிய ஹோட்டல் எண்டா சேவைக் கட்டணத்தோட வற் வரியும் அடியில வரும், அதையும் இதே மாதிரிப் பங்கு பிரிக்க வேண்டியதுதான். உங்கட பொலிசியில வரி உட்படவா இல்லாமலா எண்டு எழுதி இல்லாட்டி வாயால கேக்காதீங்க, ஈமெயிலில கேட்டு அந்தப் பதில பிரின்ட் எடுத்து ஃபைலில போடுங்க. என்னட்ட ஃபோனில ஒருத்தர் ஒண்டு சொன்னார், திருப்பி அனுப்பினவர் வேற ஒண்டு எழுதினார், ரெண்டு பேரும் ஒரே டிப்பார்ட்மென்ட்.

சாப்பாட்டுப் பில்லுகளுக்கு வருவம். திங்கள் காலை பஸ்ஸால இறங்கி சாப்பிட்டது 640, அது 700க்குள்ள, குடுக்கலாம். செவ்வாயும் புதனும் காலைச் சாப்பாடு ரூமோட வந்தது. செவ்வாய் இரவு 1,150, குடுக்கலாம். புதன் இரவு பஸ் ஏற முதல் ஒரு கடையில சாப்பிட்ட பில் 1,820. லிமிட் 1,500 எண்டு போட்டு 320ஐ வெட்டிற்றுப் போகலாம்தானே எண்டு தோணும். நான் அந்தப் பில்ல கிட்ட வெச்சுப் பார்த்தன், கையால எழுதின சின்னத் துண்டு, எண்ணெய் பட்டு ஒரு மூலை கண்ணாடி மாதிரி ஊடு தெரியுது, அதுல "கொத்து 2 x 910" எண்டு கிடக்கு. ரெண்டு பேர் சாப்பிட்ட பில். அண்ணாவக் கேட்டா, "ஓம் தங்கச்சி, அம்பாறையில இருந்து வந்த மற்ற ஒஃபிஸர் தம்பியும் என்னோடதான் சாப்பிட்டவன், நான்தான் காசு குடுத்தன்" எண்டார். நல்ல மனசுதான், ஆனா ஒருத்தருக்குரிய லிமிட்டில ரெண்டு பேர்ட சாப்பாட்டப் போட ஏலாது. அண்ணாக்கு 910, மற்ற 910 வெட்டு. அந்தத் தம்பியும் எங்கட ஸ்டாஃப் எண்டபடியா அவர்ட கிளெய்மில இந்தப் பில்ல காட்டி அவர் எடுத்து அண்ணாட்டக் குடுக்கலாம், ஆனா அந்தத் தம்பி தன்ட கிளெய்ம முதலே குடுத்து முடிச்சிட்டார். லிமிட்ட மட்டும் பார்த்து வெட்டியிருந்தா அந்தப் பில் 1,500க்குப் போயிருக்கும், ஒடிட்டில பிடிபட்டா அண்ணாட பேர்தான் கெடும். அதனால பில்லின்ட தொகையப் பார்க்க முதல் எத்தனை பேருக்கு எண்டு பாருங்க, பிளேட் கணக்கு, டீ கணக்கு எல்லாம் அதுல இருக்கும்.

மிச்சம் லேசு. பஸ் போக வர 2,700 வீதம் 5,400, டிக்கெட் இருக்கு. ஆப்ல பிடிச்ச ஓட்டோ 860, ரிசீட் ஃபோனில இருந்திச்சு. ரோட்டில மறிச்சுப் பிடிச்ச ஓட்டோக்கள் 1,400, பில் இல்ல, டிக்ளரேஷனில 1,000 வரைக்கும், 400 வெட்டு. முழுக்கக் கூட்டினா அண்ணா கேட்டது 39,870, பொலிசிப்படி குடுக்கலாம் எண்டு வந்தது 35,460, வெட்டு 4,410. போக முதல் 30,000 அட்வான்ஸ் எடுத்திருந்தார், ஆக கையில குடுக்க வேண்டியது 5,460. இந்த அட்வான்ஸக் கழிக்கிறதக் கடைசியில ஒருக்காத்தான் செய்யணும், ஒவ்வொரு லைனிலயும் கழிக்கப் போனா கணக்கு குழம்பி எது வெட்டு எது அட்வான்ஸ் எண்டு ஒருத்தருக்கும் விளங்காமப் போயிரும்.

இதுல இன்னொண்டு கட்டாயம் சொல்லணும், லிமிட் ஒரு நேரத்துக்கா ஒரு நாளைக்கா எண்டுறது. திங்கள் இரவு சாப்பாட்டில 700 கூட, செவ்வாய் இரவு 350 மிச்சம். அண்ணா கேட்டார், "அந்த மிச்சத்த இதுக்குப் போட ஏலாதா?" எண்டு. நியாயமான கேள்விதான். ஆனா எங்கட பொலிசி ஒரு நேரச் சாப்பாட்டுக்கு லிமிட் எண்டு சொல்லுது, அப்ப ஒரு நேரத்து மிச்சம் மற்ற நேரத்துக்குப் போகாது. சில ஒஃபிஸில ஒரு நாளைக்கு இவ்வளவு எண்டு இருக்கும். எங்கட மூண்டு நேரத்தையும் கூட்டி நாளைக்கு 3,400 எண்டு வெச்சா திங்கள் அண்ணா செலவழிச்சது காலை 640, இரவு 2,200, மொத்தம் 2,840, லிமிட்டுக்குள்ள வந்திரும் எண்டு நினைப்பீங்க. அங்கயும் கவனம், ட்ரெய்னிங்கில குடுத்த பகல் சாப்பாட்டுக்குரிய 1,200ஐ நாள் லிமிட்டில இருந்து கழிக்கச் சொல்லி கன இடத்தில இருக்கு, அப்ப லிமிட் 2,200, வெட்டு 640. அதே பில், அதே மனுசன், பொலிசியில "நேரத்துக்கு" எண்டு இருக்கா "நாளுக்கு" எண்டு இருக்கா எண்டுறதில தொகை மாறுது. ஷீட்டில ஒரு லைன் எண்டா அது லிமிட்டின்ட அளவோட பொருந்தணும். நேரத்துக்கு லிமிட் எண்டா ஒரு நேரத்துக்கு ஒரு லைன், இரவுக்கு லிமிட் எண்டா ஒரு இரவுக்கு ஒரு லைன். ரெண்டு இரவ ஒரே லைனில போட்டா ரெண்டும் ஒரே விலையா இருக்கும் வரைக்கும் பிழைக்காது, சனி ஞாயிறில ரூம் விலை கூடினா முதல் இரவின்ட மிச்சம் ரெண்டாவது இரவின்ட கூடுதல மறைச்சிரும்.

இனி அந்த எக்ஸல் ஷீட். இதுலதான் எனக்கு உண்மையில கை நடுங்கினது. அக்காட ஷீட்டில குடுக்கிற தொகைக்கு இந்த ஃபோர்முலா இருந்திச்சு, E கேட்ட தொகை, F லிமிட்.

```
=MIN(E2,F2)
```

பார்க்க ஒரு பிழையும் இல்ல, ரெண்டுல குறைஞ்சத எடுக்குது. ஆனா F வெறுமையா இருந்தா MIN அந்தச் செல்லக் கணக்கிலயே எடுக்காது, E முழுக்க அப்பிடியே கடந்து போகும். லிமிட் அடிக்க மறந்த லைன் எல்லாம் லிமிட் இல்லாத லைனாப் போகுது, ஒரு சத்தமும் இல்லாம. அதவிட மோசம் மற்றப் பக்கம். ஆரோ ஒருத்தர் தொகைய பில்லில இருக்கிற மாதிரியே "1,150/-" எண்டு அடிச்சா எக்ஸலுக்கு அது எண் இல்ல, எழுத்து. அப்ப MIN அந்த எழுத்த விட்டுட்டு லிமிட்ட எடுக்கும், 1,150 ரூபாச் சாப்பாட்டுக்கு 1,500 குடுக்கும். அடியில SUM போட்டாலும் கேட்ட தொகைக் கூட்டில அந்த 1,150 வராது. நான் இதக் கண்டுபிடிச்சது எப்பிடி எண்டா, ஒரு பழைய ஷீட்டில கேட்ட கூட்ட விட குடுத்த கூட்டு கூடவா இருந்திச்சு. அப்பிடி ஒரு நாளும் வர ஏலாது. எழுத்தா இருக்கிற தொகை செல்லின்ட இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிக்கும், எண் வலது பக்கம் நிக்கும், கண்ணாலயே பிடிக்கலாம். இப்ப நான் போடுறது இப்பிடி.

```
=IF(COUNT(E2:F2)<2,"CHECK",MIN(E2,F2))
```

ரெண்டு செல்லிலயும் எண் இருந்தாத்தான் கணக்குப் பார்க்கும், இல்லாட்டி CHECK எண்டு நிக்கும். குடுக்கவே கூடாத செலவுக்கு, உடுப்புக் கழுவினது மாதிரி, லிமிட்டில 0 எண்டு அடிக்கணும், வெறுமையா விடக்கூடாது. பஸ் டிக்கெட் மாதிரி லிமிட் இல்லாததுக்கு டிக்கெட் தொகையையே லிமிட்டாவும் அடிக்கிறன். அடுத்த கொலத்தில வெட்டின தொகை, அதுக்குப் பக்கத்தில காரணம், ஒரு சொல்லில இல்ல, பொலிசியில எத்தனையாம் பிரிவு எண்டு. இந்தக் காரணக் கொலம் வந்த பிறகு ஹெட் ஒஃபிஸின்ட கேள்வி பாதியாக் குறைஞ்சுது, உண்மையாச் சொல்றன்.

திகதியிலயும் ஒரு பொறி இருக்கு. எங்கட பில்லில 05/06 எண்டா ஜூன் 5. என்ட கொம்பியூட்டர் அமெரிக்க முறையில செட் பண்ணிக் கிடந்தது, அது மே 6 எண்டு எடுக்குது. 13/06 எண்டு அடிச்சா பதின்மூண்டாவது மாதம் இல்லாதபடியா எழுத்தா விட்டிரும். திகதிவாரியா அடுக்கக்குள்ள பில் பயணத்துக்கு வெளியில போய் நிண்டா முதல் இதத்தான் பாருங்க. நான் இப்ப 5-Jun எண்டு மாதத்தின்ட பேரோட அடிக்கிறன்.

மோட்டர்சைக்கிள் ஓட்டத்தச் சுருக்கமாச் சொல்றன். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் அண்ணா சொந்த பைக்கில போறவர், பொலிசிப்படி கிலோமீட்டருக்கு இவ்வளவு எண்டு குடுக்கிறது. அந்தத் தொகைக்குள்ளயே பெற்றோல், டயர், சேர்விஸ் எல்லாம் அடக்கம். அண்ணா பாவம், பெற்றோல் பில்லுகளையும் கவனமாச் சேர்த்து வெச்சிருந்தார். அதக் கிளெய்மில சேர்த்தா ஒரே ஓட்டத்துக்கு ரெண்டு தரம் காசு. ஆனா அந்தப் பில்லுகள எறிய வேண்டாம், அண்டைக்கு அந்தப் பக்கம் போனவர் எண்டுறதுக்கு அது நல்ல சாட்சி, பின்னால வெச்சுக் குத்திவிடுங்க. அதே மாதிரி கார்டால கட்டின இடத்தில பில்லும் கார்ட் மெஷின் துண்டும் ரெண்டு தனித் தனிப் பேப்பராக் கிடக்கும், ரெண்டும் ஒரே செலவு. தொகையும் திகதியும் ஒண்டா இருக்கிற ஜோடி எல்லாத்தையும் தேடிப் பார்த்து ஒண்டாக் குத்துங்க.

இனி எனக்கு மனசு நொந்த விசயம். அண்ணா பில் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில போட்டு பைக் சீட்டுக்கு அடியில வெச்சிருந்தவர். கவனமா வெச்சதுதான். ஆனா மெஷினில அடிக்கிற அந்த வழுவழுப்பான பில் மையால அடிக்கிறதில்ல, பேப்பர்ட மேல பூசியிருக்கிற மருந்து சூட்டுக்குக் கறுத்துத்தான் எழுத்து வருது. அந்த எழுத்து வெயிலுக்கும், நாள் போகப் போகவும், சில பிளாஸ்டிக் கவர்ட எண்ணெய்ப் பதத்துக்கும் மங்கும், சூடு கூடினா பேப்பரே முழுக்கக் கறுக்கும். எங்கட ஊர் வெயிலில பைக் சீட்டுக்கு அடியில மூண்டு மாதம் கிடந்தா என்ன மிஞ்சும்? ஒரு சில பில் முழு வெள்ளை, ஒண்டு ரெண்டு சாம்பல் நிறம். லைட்டுக்கு முன்னால சரிச்சுப் பிடிச்சா சிலதில ஏதோ தடம் தெரிஞ்சுது, அம்பாறை கெஸ்ட் ஹவுஸ் பில் ஒண்டில கடைசி ரெண்டு பூச்சியம் மட்டும் தெரியுது. அண்டைக்கு இரவு வீட்ட போய் அழுதன். அவர் அந்தக் காசச் செலவழிச்சது எனக்குத் தெரியும், மூவ்மென்ட் புத்தகத்தில பயணம் இருக்கு, ஆனா வெள்ளைத் தாளுக்கு வவுச்சர் போட ஏலாது.

மீட்கக்கூடியத மீட்டன். தங்கின இடங்களுக்கு ஃபோன் எடுத்து திகதியும் பேரும் சொல்லி டூப்ளிகேட் பில் கேட்டன், ஒரு இடத்தில நல்ல மனுசன் ஒருத்தர் அவங்கட ரெஜிஸ்டரப் பார்த்து சீல் வெச்சு வட்ஸ்அப்பில படம் அனுப்பி பிறகு பஸ்ஸில மூலப் பிரதியும் குடுத்துவிட்டார். கார்டால கட்டினதுக்கு பாங்க் ஸ்டேட்மென்ட் உதவிச்சு, ஆனா அது காசு போனதுக்குத்தான் சாட்சி, எதுக்குப் போனது எண்டுறதுக்கு இல்ல, அதால டூப்ளிகேட் பில்லோட சேர்த்துத்தான் எடுத்தாங்க. சாப்பாட்டுக் கடையில ஆரும் டூப்ளிகேட் தர மாட்டாங்க. ஏறக்குறைய 19,000 ரூபா அண்ணாக்குத் திரும்பிக் கிடைக்கல. ரெண்டு பிள்ளையளைப் படிப்பிக்கிற மனுசன். எனக்கு இப்பவும் அத நினைச்சா கவலைதான்.

அதால இப்ப எங்கட ஒஃபிஸில பில் கையில கிடைச்ச அதே இடத்தில ஃபோட்டோ, நாலு மூலையும் தெரியிற மாதிரி, பேப்பரச் சுருக்கமில்லாம வெச்சு. எனக்கு வட்ஸ்அப்பில அனுப்பணும், கீழ எந்தப் பயணம், எத்தனை பேர் எண்டு ஒரு வரி. மூலப் பிரதி பேப்பர் என்வலப்பில, பிளாஸ்டிக்கில இல்ல. ஒட்டக்குள்ள எழுத்துக்கு மேல செலோடேப் போடாதீங்க, கலர் ஹைலைட்டரால தொகையக் கீறாதீங்க, ரெண்டும் அந்த எழுத்தத் தின்னும். லேமினேட் பண்ணினா சூட்டில முழுக்கக் கறுத்துரும். கல்முனை, காத்தான்குடிப் பக்கத்துச் சின்னக் கடைகளில கையால எழுதுற பில்லுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, அதுல வேற பிரச்சினை, திகதியும் கடைப் பேரும் இல்லாமத் தருவாங்க. அந்த இடத்திலயே கேட்டு எழுதுவிக்கணும், பிறகு நாங்களா எழுதக்கூடாது, கையெழுத்து மாறினத ஒடிட்காரர் ஒரு பார்வையில பிடிப்பாங்க. அம்பாறை, மகியங்கனைப் பக்கம் பில் முழுக்கச் சிங்களத்தில வரும், அதுக்குப் பென்சிலால பக்கத்தில என்ன சாமான் எண்டு எழுதிவிடுறன். ஒரு தரம் இப்பிடி வாசிக்கப் போய்த்தான் சாப்பாட்டுப் பில் ஒண்டில சிகரட்டும் சேர்ந்து கிடக்கிறது தெரிஞ்சுது, அந்த ஒண்ட மட்டும் கழிச்சுக் குடுத்தம்.

கடைசியா ஆக்களோட கதைக்கிறது. இதுதான் எனக்கு எக்ஸலவிடக் கஷ்டமா இருந்தது. கொழும்புப் பயணத்தில 4,410 வெட்டு எண்டு சொன்ன உடன அண்ணாட முகம் வாடிப் போச்சு. "நான் என்ன களவா எடுத்தன் தங்கச்சி?" எண்டு கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி நெஞ்சில குத்திச்சு, ஏனெண்டா களவெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல, லிமிட் எண்டது ஒஃபிஸ் குடுக்கிற அளவு, அவர் செலவழிச்சது உண்மை. லைன் லைனாக் காட்டினன், ரூமில 1,300 சேவைக் கட்டணத்தால வந்தது, சாப்பாட்டில 700, உடுப்பு 1,100, கொத்து 910, ஓட்டோ 400. காட்டினதுக்குப் பிறகு அவரே சொன்னார், ரூம் விலை கேக்கக்குள்ள எல்லாம் சேர்த்து எவ்வளவு எண்டு கேட்டிருந்தா பக்கத்தில குறைஞ்ச இடம் இருந்தது எண்டு. அதுக்காகத்தான் இப்ப ஆராவது பயணம் வெளிக்கிட முதல் அந்த ஊருக்குரிய லிமிட்ட ஒரு சின்னத் துண்டில எழுதிக் குடுக்கிறன், தங்குமிடம் எல்லாம் உட்பட இவ்வளவு, ஒவ்வொரு நேரச் சாப்பாடும் இவ்வளவு, பில் இல்லாம இவ்வளவு.

ஷீட் முடிஞ்ச உடன நேர ஹெட் ஒஃபிஸுக்கு அனுப்புறதில்ல. கேட்டது, குடுக்கிறது, வெட்டு, காரணம் நாலும் இருக்கிற ஒரு பக்கத்த பிரின்ட் எடுத்து கிளெய்ம் போட்டவர்ட்டக் குடுக்கிறன். அவர் பார்த்து, எங்கயாவது நான் விட்ட பேப்பர் இருந்தா கொண்டு வந்து தந்து, வெட்ட ஏத்துக்கொண்டு சைன் வெக்கிறார். பிறகு மனேஜர் சைன், பிறகுதான் அனுப்புறது. பயணம் முடிஞ்சு ஒரு கிழமைக்குள்ள இது நடக்கணும் எண்டு இப்ப எங்கட மனேஜர் எழுத்தில குடுத்திருக்கார், முந்தின பயணத்தின்ட கணக்கு முடியாம அடுத்த அட்வான்ஸும் இல்ல.